ஏற்காடு காபி என்று எவரோ விற்கிறார்: பதிவு இல்லாதவர் செய்ய வேண்டியவை

மேசைமேல் இரண்டு காபிப்பொடி கவர். இரண்டும் பழுப்பு நிறம், குறுக்கே பச்சைப் பட்டை, பட்டைக்கு மேலே வளைந்து ஏறும் மலைச்சாலையின் கோட்டோவியம். ஒன்றில் "இருபதாம் வளைவு காபி", மற்றதில் "இருபதாவது வளைவு – ஒரிஜினல் ஏற்காடு காபி". முதல் கவர்க்காரர் எதிரே உட்கார்ந்து, "ஏங்க சார், பேரை ரிஜிஸ்டர் பண்ணாம விட்டுட்டேனே, இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?" என்கிறார்.

இந்தக் காட்சி கற்பனை. பெயர்களும் கவர்களும் விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் சேலத்தில் வக்கீல் தொழில் செய்கிற எவருக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. ஜவ்வரிசி, கொலுசு, மாம்பழம், தட்டுவடை செட் என்று ஊர்ப்பெயரிலேயே விலை போகிற சரக்குகள் இங்கே ஏராளம். விற்கிறவர்களில் பெரும்பாலோர் பெயரைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். முதல் கவர்க்காரரான, நாகலூர்ப் பக்கம் ஆறு ஏக்கரில் அராபிகா காபி வைத்திருக்கும் நம் அக்காவையே கடைசி வரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 2016-ல் சொந்தமாக வறுத்து அரைத்து 200 கிராம் கவரில் விற்க ஆரம்பித்தார். ஏரிக்கரையில் இரண்டு கடை, சேலம் ஐந்து ரோட்டில் ஒரு மளிகைக்கடை, மற்றபடி கூரியர். போலி கவர் 2024 தீபாவளிக்கு அதே மளிகைக்கடையின் அலமாரிக்கு வந்தது. விலை 60 ரூபாய் குறைவு.

அவர் கேள்விக்குப் பதில்: முடியும். பதிவு செய்யாத வணிகப்பெயருக்காக "மீறல்" வழக்குப் போட முடியாது என்று 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு முதலில் சொல்கிறது. ஆனால் அடுத்த உட்பிரிவிலேயே, "பாசிங் ஆஃப்" வழக்குப் போடும் உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்றும் சொல்லிவிடுகிறது. தன் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்பவைத்து வாடிக்கையாளர் தலையில் கட்டுவதுதான் பாசிங் ஆஃப். ஊர்ப்பெயரால் மதிப்புப் பெற்ற சரக்குகளுக்கான புவிசார் குறியீட்டுச் சட்டமும் 1999-ஆம் ஆண்டினதுதான். அதன் 20-ஆம் பிரிவும் இதே அமைப்பில் இருக்கிறது: பதிவில்லாத குறியீட்டுக்கு மீறல் வழக்கு கிடையாது, பாசிங் ஆஃப் உண்டு.

முதலில் குற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள்

அந்தப் போலிக் கவரில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று, "இருபதாவது வளைவு" என்ற பெயரும் பச்சைப் பட்டையும். அது அக்காவின் கடைப்பெயரைத் திருடுவது. இன்னொன்று, "ஒரிஜினல் ஏற்காடு காபி" என்பது. பின்பக்கம் பொடி எழுத்தில் காபி 55 சதவீதம், சிக்கரி 45 சதவீதம் என்றும், பாக்கிங் செய்த முகவரியாக வேறொரு மாவட்டமும் இருக்கிறது. கொட்டை எங்கிருந்து வந்தது என்று எங்கும் இல்லை. இது மலையின் பெயரைத் திருடுவது.

முதல் தப்புக்கு அக்கா தனியாகவே வழக்குப் போடலாம், பெயர் அவருடையது. இரண்டாவதில் "ஏற்காடு" அவருக்கு மட்டும் சொந்தமில்லை. மலையில் விளைவிக்கிற எல்லோருக்கும் பொது. இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுக் குழப்பி, "என் ஏற்காடு காபிப் பெயரைத் திருடிவிட்டான்" என்று நோட்டீஸ் விடுகிறவர்களைப் பார்க்கிறேன். எதிராளியின் வக்கீலுக்கு அது அல்வா. "ஏற்காடு என்பது ஊர்ப்பெயர், யார் வேண்டுமானாலும் சொல்லலாம்" என்று ஒரே வரியில் பதில் எழுதி, உண்மையான தப்பையும் சேர்த்து மூடிவிடுவார்.

இந்த இடத்தில் பெயரின் தரமும் பார்க்க வேண்டியிருக்கிறது. அக்கா தன் பொடிக்கு "ஏற்காடு மலைக்காபி" என்று பெயர் வைத்திருந்தால் அவர் நிலை பலவீனம். ஊரையும் பொருளையும் மட்டும் சொல்கிற பெயர் அது. "இருபதாம் வளைவு" அப்படியில்லை. மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் காபிக்கு அது விளக்கச் சொல் இல்லை. எதிராளி "அது சாலையில் இருக்கிற இடம்தானே" என்பார். இத்தனை ஆண்டு விற்பனையில் ஐந்து ரோட்டு வாடிக்கையாளருக்கு அந்தச் சொல் ஒரு குறிப்பிட்ட பொடியைத்தான் நினைவுபடுத்துகிறது என்று காட்டினால் அந்த வாதம் நிற்காது.

காகிதம் சேர்ப்பது

பாசிங் ஆஃப் வழக்கில் மூன்றை நிரூபிக்க வேண்டும். சந்தையில் உங்கள் பெயருக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. எதிராளியின் சரக்கு உங்களுடையது என்று ஜனங்கள் மயங்குகிற மாதிரி இருக்கிறது. அதனால் உங்களுக்குச் சேதம் வந்தது அல்லது வரும். எலுமிச்சம்பழ வடிவ பிளாஸ்டிக் புட்டியில் எலுமிச்சைச் சாறு விற்ற ஒரு நிறுவனத்தின் வழக்கில் 1990-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இந்த மூன்றையும் தெளிவாக வரிசைப்படுத்தியது. நம் நீதிமன்றங்களும் அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. எதிராளி வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தெரியாமல் செய்திருந்தாலும் தடை வரும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது முதலாவதில். பதிவு வைத்திருப்பவர் சான்றிதழை நீட்டினால் போதும். பதிவில்லாதவர் தன் மதிப்பை ஒவ்வொரு வழக்கிலும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். நம் அக்காவிடம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மிகப் பழைய, மிக முக்கியமான காகிதம் கவர் அச்சடித்த அச்சகத்தின் பில். 2016 தேதியோடு "இருபதாம் வளைவு" என்ற பெயர் அதில் இருந்தால் வழக்கின் முதுகெலும்பே அதுதான். விற்பனை பில்லில் வெறும் "காபிப்பொடி 50 பாக்கெட்" என்று எழுதியிருந்தால் காபி விற்றதுதான் தெரியும், பெயர் தெரியாது. சின்ன வியாபாரிகளிடம் நான் அதிகம் பார்க்கும் ஓட்டை இதுதான். இன்றிலிருந்தாவது பில்லில் பெயரை எழுதுங்கள்.

அப்புறம் ஆண்டுவாரியான விற்பனை. ஆடிட்டரிடம் "2016–17-ல் இவ்வளவு, 2017–18-ல் இவ்வளவு" என்று அந்தப் பெயரில் விற்றதை மட்டும் பிரித்து ஒரு சான்று வாங்குங்கள். கூரியர் ரசீதுகள் எந்தெந்த ஊருக்குப் போனது என்று காட்டும். உணவுப் பாதுகாப்புத் துறைச் சான்றின் தேதி வியாபாரம் தொடங்கிய காலத்துக்குச் சாட்சி.

மயக்கத்துக்கு ஆதாரம் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் இருக்கும். "அக்கா, இந்தத் தடவை பொடி கசக்குதே, சிக்கரி ஜாஸ்தி பண்ணிட்டீங்களா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டு, கூடவே போலிக் கவரின் படத்தையும் அனுப்பியிருந்தால் அந்த ஒரு செய்தி பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். ஏமாந்த ஆளே எழுதிக் கொடுத்த மாதிரி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலச் செய்தியை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்தோடு இரண்டு பகுதிச் சான்று தாக்கல் செய்ய வேண்டும். ஒன்றில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதில் ஒரு நிபுணர். ஆவணம் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் வரும். செய்தி போனிலேயே இருந்தால்தான் அது சுலபம்.

கடையில் போய் வாங்குங்கள், நீங்கள் போகாதீர்கள்

போலியைப் பார்த்ததும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுதான் இயல்பு. மறுநாள் அலமாரி காலி, ஆதாரமும் காலி. முதல் வேலை, உங்களைச் சேர்ந்தவர் என்று தெரியாத ஒருவரை அனுப்பி வாங்கச் சொல்வது. பெயர் போட்ட பில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு கடையில், இரண்டு வெவ்வேறு நாளில் வாங்கினால் நல்லது. ஒரு கவரைப் பிரிக்காமல் சீலோடு வையுங்கள், அதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். வாங்கியவர் பின்னால் பிரமாணப் பத்திரம் தருவார். கடைக்காரரிடம் அவர் "இது அந்த நாகலூர் அக்கா பொடிதானே?" என்று சாதாரணமாகக் கேட்டு, "ஆமா, அதேதான்" என்ற பதில் வந்திருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிலை நீங்கள் வாயில் திணித்த மாதிரி மட்டும் இருக்கக் கூடாது.

கவரின் பின்பக்கத்தை நிதானமாகப் படியுங்கள். பாக்கிங் செய்தவரின் பெயர், முகவரி, எடை, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் பொட்டலப் பொருட்களில் கட்டாயம். வழக்கில் யாரைப் பிரதிவாதியாக்குவது, எந்த ஊரில் போடுவது என்ற இரண்டுக்கும் விடை அங்கேதான். சிக்கரி கலந்த காபியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும், விகிதமும் கவரில் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 55 என்று போட்டிருப்பதால் அந்த வகையில் அவர் தப்பித்துக்கொண்டார். ஆனால் அக்காவின் பொடியில் 80 சதவீதம் காபி. போலியைக் குடித்தவர் "அக்கா கலப்படம் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பார். சேதம் என்ற மூன்றாவது அம்சம் இந்த இடத்தில் உயிர் பெறுகிறது. போன விற்பனையை விடப் போன நம்பிக்கைதான் பெரிய இழப்பு.

இரண்டு கவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இங்கே 'தாம்', அங்கே 'தாவது', வித்தியாசம் இருக்கிறதே" என்று எதிராளி சொல்வார். நீதிமன்றம் அப்படிப் பார்க்காது. ஆயுர்வேத மருந்துகளான "அமிர்த்தாரா", "லக்ஷ்மண்தாரா" பெயர்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொன்னது இது: வாங்குகிறவர் சாதாரண அறிவுள்ளவர், பெயரை அரைகுறையாக நினைவில் வைத்திருப்பவர், அவருடைய கண்ணோட்டத்தில்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும். நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். போலிக் கவரை மட்டும் ஒரு பழைய வாடிக்கையாளரிடம் காட்டி, அக்கா கவரை உள்ளே வைத்துவிட்டு, இது யார் பொடி என்று கேளுங்கள்.

நோட்டீஸா, நேரே நீதிமன்றமா?

பொதுவாக வக்கீல் நோட்டீஸ் முதலில் போகும். மளிகைக்கடைக்காரருக்கு அது போதும், அவருக்கு யார் சரக்கும் ஒன்றுதான், பெரும்பாலும் உடனே எடுத்துவிடுவார். தயாரிப்பாளர் விஷயம் வேறு. நோட்டீஸ் கிடைத்த மறுநாளே அவர் தன் பெயரில் வணிகக்குறிப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், சரக்கை இடம் மாற்றலாம். அதனால் நோட்டீஸ் தபாலில் போகும் முன்பே அக்கா தன் பெயருக்கு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். காபி 30-ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 4,500 ரூபாய். விண்ணப்பத்தில் "2016 முதல் பயன்பாட்டில்" என்று எழுதி, அதற்குப் பிரமாணப் பத்திரமும் அச்சக பில்லும் இணைக்க வேண்டும். பலர் அவசரத்தில் "இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்" என்ற கட்டத்தை டிக் செய்துவிடுவார்கள். பின்னால் வழக்கில் எதிராளி அதை எடுத்து ஆட்டுவார். விண்ணப்பித்துவிட்டால் கவரில் ™ போடலாம். வட்டத்துக்குள் R போடக் கூடாது, பதிவு கிடைக்காமல் அதைப் போடுவதற்கு 107-ஆம் பிரிவில் அபராதம் உண்டு.

சரி, எதிராளி ஏற்கெனவே பதிவே வாங்கிவிட்டார் என்றால்? அப்போதும் முடிந்துவிடவில்லை. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம், பெயரை முதலில் பயன்படுத்தியவரின் உரிமை பதிவு பெற்றவரின் உரிமையை விட மேலானது என்று சொன்னது. பதிவு என்பது ஏற்கெனவே இருக்கிற உரிமையை உறுதி செய்யும், புதிதாக உரிமையைப் படைக்காது என்பது அதன் சாரம். அச்சக பில்லை நான் முதுகெலும்பு என்றது இதனால்தான்.

நேரே நீதிமன்றத்துக்குப் போவதில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் அது வணிகத் தகராறு. பதிவில்லாத வணிகக்குறியும் புவிசார் குறியீடும் வணிக நீதிமன்றச் சட்டத்தில் பெயர் சொல்லியே வருகின்றன. அங்கே வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். அவசர இடைக்காலத் தடை கேட்டால் மட்டும் அதிலிருந்து விலக்கு. ஆனால் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு "அவசரம்" என்று வந்தால் எந்த நீதிபதியும் புருவம் உயர்த்துவார். அதோடு, வணிக வழக்கில் கையிலிருக்கும் ஆவணங்களை வழக்குரையோடு சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். "பில்லெல்லாம் வீட்டுல இருக்கு, அப்புறம் கொண்டாரேன்" என்பது அங்கே எடுபடாது.

எந்த ஊரில் போடுவது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே இந்த வழக்கைப் போட முடியாது. பதிவு பெற்றவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே மீறல் வழக்குப் போடலாம் என்று 134-ஆம் பிரிவு ஒரு சலுகை தருகிறது. பாசிங் ஆஃப் வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை. எதிராளி இருக்கிற ஊரிலோ, போலி விற்பனையான ஊரிலோதான் போட வேண்டும். ஐந்து ரோட்டுக் கடையில் பில்லோடு வாங்கிய அந்த இரண்டு பாக்கெட்தான் இந்த வழக்கைச் சேலத்தில் நிறுத்துகிறது. கோயம்புத்தூரில் மட்டும் விற்கிறவரை அக்கா அங்கே போய்த்தான் பிடிக்க வேண்டும்.

இடைக்காலத் தடைக்கு நீதிபதி மூன்று கேட்பார்: மேலோட்டப் பார்வையில் வழக்கு இருக்கிறதா, தடை கொடுத்தால் யாருக்குக் கஷ்டம் அதிகம், பின்னால் பணத்தால் ஈடுகட்ட முடியாத சேதமா. எதிராளியைக் கேட்காமலே தடை கிடைத்தால், மனு, வழக்குரை, ஆவணங்களின் நகலை உடனே அவருக்கு அனுப்பி, அனுப்பியதற்கான பிரமாணத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்து கிடைத்த தடையைக் கோட்டை விட்டவர்கள் உண்டு. சரக்கைக் கணக்கெடுத்துச் சீல் வைக்க வக்கீல் கமிஷனரை நியமிக்கும்படியும் அப்போதே கேட்கலாம். கடைசியில் நிரந்தரத் தடை, நஷ்டஈடு அல்லது எதிராளி சம்பாதித்த லாபம், போலி கவர்களை ஒப்படைப்பது ஆகியவற்றைத் தீர்ப்பில் பெறலாம். நஷ்டஈடா லாபக் கணக்கா, இரண்டில் ஒன்றுதான்.

தாமதத்தைப் பற்றி ஒன்று. ஸ்காட்ச் விஸ்கி சங்கம் உலகம் முழுக்க வழக்கு நடத்திப் பழகியது, பணத்துக்குப் பஞ்சமில்லாதது. இந்தியாவில் "பீட்டர் ஸ்காட்" என்ற பெயரில் விஸ்கி விற்ற கம்பெனிக்கு எதிராக அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2008-ல் தோற்றது. அந்தப் பெயர் இருப்பது 1970-களிலேயே தெரிந்தும் பல ஆண்டு பேசாமல் இருந்தார்கள் என்பது தோல்விக்கு முக்கியக் காரணம். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், "நம்ம ஊர்க்காரன்தானே, பொங்கல் வரைக்கும் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதன் விலையைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி மலையின் பெயர்

நம் வழக்கு நன்றாகப் போகிறது என்று வையுங்கள். பெயரும் பச்சைப் பட்டையும் சாலைப் படமும் தடையாகிவிட்டன. ஒரு மாதத்தில் அவர் சிவப்புக் கவரில், வேறு பெயரில், "ஒரிஜினல் ஏற்காடு காபி" என்று மறுபடி வருகிறார். இப்போது?

ஒரு வட்டாரத்தின் பெயருக்கும் பாசிங் ஆஃப் உண்டு. ஸ்பெயின் நாட்டு ஒயினை "ஸ்பானிஷ் ஷாம்பேன்" என்று விற்றதை, பிரான்சின் ஷாம்பேன் வட்டாரத் தயாரிப்பாளர்கள் 1960-ல் இங்கிலாந்தில் தடுத்தார்கள். பெயர் எந்தத் தனிக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. அந்த வட்டாரத்தில் அந்த முறையில் தயாரிக்கிற எல்லோருக்கும் பங்குண்டு, எனவே அவர்களில் யாரும் வழக்குப் போடலாம் என்பது அந்தத் தீர்ப்பு. நம் நாட்டிலும் ஸ்காட்லாந்து என்று நினைக்க வைக்கிற பெயரை ஓர் இந்திய விஸ்கிக்குப் பதிவு செய்வதை 1980-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. புவிசார் குறியீட்டுச் சட்டமே அப்போது கிடையாது.

ஆக நம் அக்காவோ, மலையின் விவசாயிகள் சேர்ந்தோ வழக்குப் போடலாம். ஆனால் நிரூபிக்க வேண்டியது கூடுகிறது, இங்கே நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. "ஏற்காடு காபி" என்றால் வாங்குகிறவர் மனதில் என்ன வருகிறது? இந்த மலையில் இந்த உயரத்தில் விளைந்த, இந்தச் சுவையுள்ள கொட்டை என்றா? இல்லை, ஏரியைச் சுற்றிவிட்டு வரும்போது வாங்குகிற பொடி என்றா? இரண்டாவது என்றால் வழக்கு ஆட்டம் காணும். கர்நாடகக் கொட்டை மூட்டையை மலையேற்றி அங்கே அரைத்து விற்கும் கடைகளை மலை விவசாயிகளின் சங்கமே கண்டும் காணாமல் இருந்தால், எதிராளி அதைத்தான் முதலில் காட்டுவார். இன்னொரு பதிலையும் எதிர்பாருங்கள்: நாகலூரில் நாலு மூட்டை வாங்கிய பில்லை நீட்டி, "என் பொடியிலும் ஏற்காடு கொட்டை இருக்கிறது" என்பார். எத்தனை சதவீதம் இருந்தால் ஏற்காடு காபி என்று யாரும் எழுதி வைக்காத வரை, நீதிபதிக்கும் பிடிமானம் இருக்காது.

நம் பக்கம் இருப்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். காபி வாரியம் தன் வட்டாரப் பட்டியலில் சேர்வராயனைத் தனி வட்டாரமாகவே வைத்திருக்கிறது. இவை நற்பெயருக்கு நல்ல சாட்சி. 2019-ல் காபி வாரியம் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுதன்கிரி ஆகிய ஐந்து காபிகளுக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை. இன்றைய நிலையைச் சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில், "Sheveroys", "Shevaroy", "Yercaud" என்று ஒவ்வொரு எழுத்துக்கூட்டலிலும் தேடிப் பாருங்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

வழக்குக்குக் காத்திருக்காத ஒரு குறுக்குவழியும் உண்டு. பொருள் எங்கே விளைந்தது என்பதும் வணிகக்குறிச் சட்டத்தில் "வணிக விவரிப்பு"தான். அதைப் பொய்யாகப் போடுவது 103-ஆம் பிரிவில் தண்டனைக்குரியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான முத்திரையிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சீலோடு ஒரு கவரையும் பில்லையும் வைத்து எழுத்தில் புகார் கொடுங்கள். "ஒரிஜினல் ஏற்காடு என்பதற்குக் கொள்முதல் ஆதாரம் கேட்க வேண்டும்" என்று குறிப்பாக எழுதினால்தான் அங்கே கோப்பு நகரும். "போலி காபி" என்று மொட்டையாக எழுதினால் சாம்பிள் எடுத்து சிக்கரி விகிதம் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள், விகிதம் சரியாகத்தானே இருக்கிறது.

பதிவு வாங்கினால் என்ன மாறும் என்பதற்குச் சேலத்திலேயே உதாரணம் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, விண்ணப்பித்தது சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். விண்ணப்பம் போட வேண்டியது இப்படி ஒரு சங்கமோ அமைப்போதான், தனி ஆளுக்குக் கொடுப்பதில்லை. எந்தெந்த கிராமம் என்று வரைபடம், மண்ணும் உயரமும் சுவையும் எப்படித் தொடர்பு, பழைய ஆவணங்கள், தரத்தை யார் சோதிப்பார்கள் என்ற ஏற்பாடு எல்லாம் கேட்பார்கள். "எத்தனை சதவீதம்" என்ற அந்தக் கேள்விக்கு விடை எழுதப்படுவது இந்த விண்ணப்பத்தில்தான். சங்கத்துக்குள் சண்டை வருவதும் அதே வரியில்தான். நூறு சதவீதம் மலைக்கொட்டை என்று எழுதினால் கலந்து அரைக்கிற உறுப்பினர் கோபிப்பார், தளர்த்தி எழுதினால் போலிக்காரருக்கும் கதவு திறக்கும். ஏற்கப்பட்டால் இதழில் வெளியாகி, எதிர்ப்புக்கு மூன்று மாதம், கேட்டால் இன்னொரு மாதம். பதிவு பத்தாண்டுக்கு, பின்னர் புதுப்பிக்கலாம். அதன்பிறகு நற்பெயரை ஒவ்வொரு வழக்கிலும் நிரூபிக்க வேண்டியதில்லை.

சங்கம் பதிவு வாங்கியதும் எல்லா விவசாயியும் பாதுகாப்புக்குள் வந்துவிட்டதாக ஒரு நினைப்பு உண்டு. வரவில்லை. ஒவ்வொரு உற்பத்தியாளரும் "அங்கீகரிக்கப்பட்ட பயனர்" என்று தனியாகப் பதிய வேண்டும், அதற்கான கட்டணத்தை 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்தார்கள். பதியாதவர் மலையிலேயே விளைவித்தாலும் அந்தக் குறியீட்டின் பேரில் வழக்குப் போட முடியாது. நம் அக்கா அந்தப் படிவத்தையும் போடுவார், "இருபதாம் வளைவு" விண்ணப்பத்தையும் தொடர்வார். இரண்டாவது அவர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியது. வணிகக்குறி இதழை மாதம் ஒருமுறை திறந்து, சாயலில் வேறு யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் அதில் சேரும். இதழில் வந்த நாளிலிருந்து எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம்.